எண்ணெய்க்கு ஒரு கிலோ விலை

மளிகை விலை அட்டவணையில் அதிகமாக ஏமாற்றுவது சமையல் எண்ணெய்தான். பாக்கெட்டின் உருவத்தை நம்பாதீர்கள், நிகர எடையைப் படியுங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். ஆனால் பார்வைக்கு அதே அளவில் 870 கிராம் பாக்கெட்டும் பக்கத்திலேயே இருக்கும்.

என் அட்டவணையில் A பொருள், B கொடுக்கும் விலை, C நிகர எடை கிராமில். D-யில் இது:

```
=B2/C2*1000
```

எடுத்துக்காட்டாக, 910 கிராம் 150 ரூபாய் என்றால் கிலோ 164.84. 870 கிராம் 146 ரூபாய் என்றால் கிலோ 167.82. நான்கு ரூபாய் மலிவாகத் தெரிந்தது உண்மையில் மூன்று ரூபாய் கூடுதல்! ஐந்து லிட்டர் கேன் (4,550 கிராம்) 760 ரூபாய் என்றால் கிலோ 167.03. பெரியது வாங்கினால் லாபம் என்ற நம்பிக்கை இங்கே பொய்க்கிறது.

இந்தியாவில் பாக்கெட்டிலேயே அலகு விலை அச்சிடப்படுகிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கிராமுக்கு, கூடினால் கிலோவுக்கு. கிராம் விலையாக இருந்தால் ஒப்பிடுமுன் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அது அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து கணக்கிடப்பட்டது. கடை தரும் தள்ளுபடி அதில் இருக்காது. அதனால்தான் B-யில் பில்லில் உள்ள விலையை மட்டுமே எழுதுகிறேன்.

கடலை எண்ணெயையும் சூரியகாந்தியையும் ஒரே வரிசையில் போடாதீர்கள். கிலோ விலை ஒரே பொருளுக்குள் ஒப்பிட மட்டுமே உதவும்.