பினாங்கு ஸ்டார்ட்அப்புக்கு ஓர் ஊடகப் பக்கம்: லோகோ முதல் ஜிப் கோப்பு வரை

ஜார்ஜ்டவுனில் நான்கு பேர் மட்டுமே வேலை செய்யும் ஓர் இளம் நிறுவனத்தின் இணையதளத்தில் ஊடக, விருதுப் பக்கம் செய்து முடித்த கையோடு இதை எழுதுகிறோம். சாப்பாட்டுக் கடைகளுக்குக் கணக்கு பார்க்கும் செயலி அவர்களுடையது. பக்கத்தைத் திறக்கப்போவது யார் என்பதைத்தான் முதலில் முடிவு செய்தோம். முதலீட்டாளரும் பார்ப்பார், வாடிக்கையாளரும் பார்ப்பார், ஆனால் அவர்களுக்கு அவசரம் இல்லை. அவசரம் எல்லாம், மாலையில் நாளிதழ்ப் பக்கத்தை முடித்தாக வேண்டிய துணையாசிரியருக்குத்தான். அவருக்கு வேண்டியது ஒரு லோகோ, ஒரு படம், சரியான பெயர்கள்.

கையில் இருந்த லோகோ, இணையதளத்தின் தலைப்பகுதியில் இருந்து எடுத்தது: 600 பிக்சல் அகலம், வெள்ளை எழுத்து, பின்னணி கிடையாது. வெள்ளைத் தாளில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கு வைத்தால், 600 பிக்சல் என்பது இரண்டு அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர்தான். அதைப் பெரிதாக இழுத்தால் ஓரங்கள் மங்கிவிடும். ஆகவே முதலில் வரைந்தவரிடம் மூலக்கோப்பைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மொத்த வேலையில் அதிக நாள் இழுத்தது இதுதான்.

மூலக்கோப்பு வந்ததும் அடுத்த சிக்கல். லோகோவுக்குக் கீழே ‘தொழில்’ என்று தொடங்கும் ஒரு தமிழ் வரி. அது எழுத்தாகவே இருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தபோது வேறு எழுத்துருவுக்கு மாறிவிட்டது. எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைகோடுகளாக, மாற்றிவிட்டால் இது நேராது. ஆனால் மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். வரைகலை மென்பொருளில் தென்னாசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டால், ‘தொ’வில் உள்ள ஒற்றைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் கோட்டுருவாக்கினால் பிழை அப்படியே உறைந்துவிடும். பிறகு அதைத் தட்டச்சில் திருத்த முடியாது, படமாகத்தான் திருத்த வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சரி சொன்ன பிறகே மாற்றினோம்.

கடைசியில் வைத்தவை: வண்ணம், கருப்பு, வெள்ளை என மூன்று வகை. ஒவ்வொன்றும் எஸ்விஜியாகவும், 3000 பிக்சல் அகலப் பிஎன்ஜியாகவும். ஜேபெக் வைக்கவில்லை. அதில் ஒளிபுகும் பின்னணி கிடையாது, வண்ணத் தாளில் வைத்தால் வெள்ளைச் சதுரம் ஒன்று கூடவே வந்து நிற்கும்.

நிறுவனர்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. கேமராவில் 4000 பிக்சலுக்கு மேல் இருந்த படம், வந்து சேர்ந்தபோது நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கியிருந்தது. அச்சில் அது பதின்மூன்று சென்டிமீட்டர் சொச்சம். சிறு படத்துக்குப் போதும், அரைப் பக்கத்துக்குப் போதாது. அதே படத்தை ஆவணமாக அனுப்பச் சொன்னதும் முழு அளவில் வந்தது. விருது மேடையில் எடுத்த படம் ஒன்றை மட்டும் பதிவிறக்கத்தில் சேர்க்கவில்லை. அதை எடுத்தது ஏற்பாட்டாளரின் படப்பிடிப்பாளர். பிறர் வெளியிடக் கொடுக்கும் உரிமை நிறுவனத்திடம் இல்லை.

பெயர்கள் விஷயத்தில் மலேசியாவில் கூடுதல் கவனம் வேண்டும். அடையாள அட்டையில் இருப்பது ரோமன் எழுத்துப் பெயர். Nalini என்பதை நளினி என்றும் எழுதலாம், நலினி என்றும் எழுதலாம். செய்தியாளர் ஊகித்து எழுதுவார், மறுநாள் நிறுவனர் வருத்தப்படுவார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடமிருந்து வலமாகப் பெயர், பொறுப்பு, படம் எடுத்தவர் ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் படியெடுக்கக்கூடிய எழுத்தாக வைத்தோம். நிறுவன அறிமுகமும் அதே மூன்று மொழிகளில், ஏறக்குறைய ஐம்பது சொற்களில். பத்திரிகைச் செய்தியைப் பிடிஎஃப்பாக மட்டும் கொடுப்பது தமிழுக்கு ஆகாது. அதிலிருந்து படியெடுத்து ஒட்டினால் கொம்புகளும் கால்களும் இடம் மாறிச் சிதறுவது வழக்கம். வேர்டு கோப்பும் கூடவே இருந்தாக வேண்டும்.

விருதுப் பகுதியில்தான் கொஞ்சம் வாக்குவாதம். நிறுவனர் தந்த பட்டியலில் ஐந்து ‘விருதுகள்’ இருந்தன. பிரித்துப் பார்த்தால் ஒன்று மட்டுமே வென்றது. ஒன்று இறுதிச் சுற்றுவரை போனது. ஒன்று பயிற்சித் திட்டத்தில் கிடைத்த இடம், ஒன்று இளம் நிறுவனங்களுக்கு உதவும் அரசு அமைப்பான கிரேடல் ஃபண்டின் மானியம், ஒன்று தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அரசு தரும் மலேசியா டிஜிட்டல் தகுதி. 2022-இல் எம்எஸ்சி மலேசியாவுக்குப் பதிலாக வந்த அந்தத் தகுதி விண்ணப்பித்து, நிபந்தனைகளை நிறைவு செய்து பெறுவது, போட்டியில் வெல்வதல்ல. ‘விருதுகள்’ என்ற தலைப்பின் கீழ் வென்றதும் இறுதிச் சுற்றும் மட்டும் நின்றன, எது எதுவென்று சொல்லோடு. மற்ற மூன்றும் ‘ஆதரவும் தகுதியும்’ என்ற தனித் தலைப்புக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, பிரிவு, வழங்கிய அமைப்பு, அந்த அமைப்பின் அறிவிப்புக்கு இணைப்பு. இணைப்பு கிடைக்காததைப் போடவே கூடாது என்பது எங்கள் கட்சி. ஐந்து பதக்கச் சின்னங்களை வரிசையாக அடுக்கினால் பார்க்க அழகுதான், ஆனால் செய்தியாளர் ஒன்றைச் சோதித்து அது விருதல்ல என்று கண்டால் மற்ற நான்கையும் நம்பமாட்டார்.

ஊடகச் செய்திகளுக்கும் இதே முறை: தலைப்பு, ஊடகம், தேதி, இணைப்பு. நாளிதழ்ப் பக்கத்தை ஸ்கேன் செய்து முழுதாக ஏற்றவில்லை, அதன் காப்புரிமை நாளிதழுடையது. காசு கொடுத்துப் போட்ட கட்டுரை ஒன்று இருந்தது. அதில் ‘விளம்பரக் கட்டுரை’ என்று எழுதிவிட்டோம்.

இனி பதிவிறக்கம். முழு ஜிப் ஒன்று, அதன் பக்கத்திலேயே ஒவ்வொரு கோப்புக்கும் தனி இணைப்பு. கைப்பேசியில் வேலை பார்க்கும் செய்தியாளருக்கு ஜிப்பைப் பிரிப்பது தொல்லை. கோப்புப் பெயர்களை ரோமன் எழுத்தில் வைத்தோம். தமிழ்ப் பெயர்கள், ஜிப்பைப் பிரிக்கும் சில பழைய மென்பொருள்களில் குப்பை எழுத்தாக மாறும். மேக் கணினியில் ஜிப் செய்யும்போது மறைகோப்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க:

```
zip -r -X presskit-2025-03.zip presskit -x "*.DS_Store"
```

பெயரில் ஆண்டும் மாதமும் இருப்பதற்குக் காரணம் உண்டு. லோகோ மாறிய பிறகும் அதே பெயரில் ஏற்றினால், இடைச் சேமிப்பில் இருக்கும் பழைய கோப்பே சிலருக்குப் போகும். பக்கத்தின் முகவரி மாறக்கூடாது, கோப்பின் பெயர் மாற வேண்டும்.

```html
<a href="https://files.example.com/media/logo-black-2025-03.svg" download>கருப்பு லோகோ, SVG, 12 KB</a>
```

முதல் சோதனையில் இந்த இணைப்பைத் தட்டியதும் கோப்பு இறங்கவில்லை, லோகோ திரையில் பெரிதாகத் திறந்து நின்றது. கோப்புகள் வேறு முகவரியில் உள்ள சேமிப்பகத்தில் இருந்ததுதான் காரணம். `download` என்ற குறிப்பை, பக்கம் இருக்கும் அதே தளத்துக் கோப்புக்கு மட்டுமே உலாவி மதிக்கும். கோப்போடு இந்த HTTP தலைப்பையும் சேமிப்பகம் அனுப்பும்படி செய்ததும் சரியானது:

```
Content-Disposition: attachment
```

கூகுள் டிரைவ் இணைப்பு வைத்தால் இந்த வேலையெல்லாம் வேண்டாமே என்று கேட்டார்கள். யாராவது ஒருநாள் கோப்புறை அனுமதியை மாற்றிவிட்டால், ‘அணுகல் கோருக’ என்ற திரைதான் செய்தியாளருக்குக் கிடைக்கும். உள்ளே இருப்பவர்கள் தங்கள் கணக்கிலேயே நுழைந்திருப்பதால் அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

கடைசிச் சோதனையை நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம், சாதாரண ஆண்டிராய்டு கைப்பேசியில், வைஃபை இல்லாமல் செய்ய வைத்தோம். கருப்பு லோகோவையும் ஒரு படத்தையும் எடுத்து மின்னஞ்சலில் இணைக்க இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார். தடுமாறியது ஓரிடத்தில்தான்: ஊடகத் தொடர்புக்கு நாங்கள் வைத்திருந்த படிவத்தில். படிவத்தை எடுத்துவிட்டு, ஓர் ஆளின் பெயர், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எண் ஆகிய மூன்றையும் பக்கத்தின் உச்சியிலேயே போட்டோம்.