தேயிலை ஸ்டோரை மவுஸால் சுற்றிக் காட்டிய கதை

ஹட்டனுக்கு அருகில் ஒரு பாடசாலையில் நான் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் மலையில் கொழுந்து பறிக்கிறார், அல்லது ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஆனாலும் பறித்த கொழுந்து ஸ்டோருக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பாடசாலைக் கண்காட்சிக்கு அதையே எடுத்துக்கொண்டோம். மேசையில் ஒரு மடிக்கணினி, அதில் பவர்பாயிண்ட். பக்கத்தில் நின்று யாரும் விளக்க வேண்டாம். வருகிறவர் தானாக மவுஸைப் பிடித்து, தனக்கு வேண்டிய இடத்தை, தனக்கு வேண்டிய வேகத்தில் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது திட்டம்.

முதல் ஸ்லைட் மெனு. அதற்குப் பின் வாட்டுதல், அரைத்தல், நொதித்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்று ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்லைட்கள். கடைசியில் மூன்று கேள்விகள். மெனுவில் ஐந்து கட்டங்களுக்கும் கேள்விகளுக்குமாக ஆறு பெட்டிகள் வரைந்து, ஒவ்வொன்றையும் தேர்ந்து `Ctrl+K` அழுத்தி, `Place in This Document` என்ற இடத்தில் உரிய ஸ்லைடைக் காட்டினேன். ஒரு பின்னேரத்தில் முடிந்த வேலை. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஆறாம் தரத்துப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நேராகக் கேள்விப் பகுதிக்குப் போனாள். ‘பச்சைக் கொழுந்து செம்பு நிறமாக மாறுவது எந்தக் கட்டத்தில்?’ மூன்று விடைப் பெட்டிகள். அவள் யோசித்துக்கொண்டே பெட்டிக்கு வெளியே ஒரு கிளிக் செய்தாள். ‘சரியான விடை: நொதித்தல்’ என்று அடுத்த ஸ்லைட் வந்து நின்றது.

“சேர், நான் ஒன்றும் சொல்லவில்லையே” என்றாள்.

தவறு என்னுடையது. சாதாரணக் காட்சி முறையில், இணைப்பு இல்லாத எந்த இடத்தில் கிளிக் செய்தாலும் அடுத்த ஸ்லைட் வரும். மவுஸ் சக்கரத்தை உருட்டினாலும் வரும், அம்புக்குறி விசையை அழுத்தினாலும் வரும். நான் ஆறு கதவுகள் வைத்துவிட்டு, சுவர் கட்ட மறந்திருந்தேன். `Transitions` தாவலில் `On Mouse Click` என்பதில் உள்ள குறியை எடுத்து எல்லா ஸ்லைட்களுக்கும் பொருத்தலாம்தான். அது கிளிக்கை மட்டுமே தடுக்கும், விசைப்பலகையைத் தடுக்காது. முழுத் தீர்வு `Slide Show` தாவலில் `Set Up Slide Show` என்பதற்குள் இருக்கிறது. அங்கே `Browsed at a kiosk` என்பதைத் தேர்ந்தால் வெற்றிடக் கிளிக்கும் அம்புக்குறிகளும் செயலற்றுப் போகின்றன. நாம் வைத்த இணைப்புகளும் பொத்தான்களும் மட்டும் வேலை செய்யும். வெளியே வர `Esc` ஒன்றுதான் வழி. அதனால் கண்காட்சியன்று மடிக்கணினியின் விசைப்பலகையை ஓர் அட்டையால் மூடி, மவுஸை மட்டும் வெளியே விட்டோம்.

கியோஸ்க் முறைக்கு மாற்றியதும் வேறு வகையில் மாட்டிக்கொண்டேன். அரைத்தல் பகுதியின் இரண்டாம் ஸ்லைட் தலைப்போடு மட்டும் வெறுமையாக நின்றது. ரோலரைப் பற்றிய வரிகள் ஒவ்வொன்றும் கிளிக் செய்தால் தோன்றும்படி அசைவூட்டம் வைத்திருந்தேன். இந்த முறையில் கிளிக்குக்கே மதிப்பில்லையே, வரிகள் எப்படித் தோன்றும்? `Animations` தாவலில் `Start` என்பதை `After Previous` ஆக மாற்றிய பிறகுதான் அவை வந்தன. இரண்டு ஸ்லைட்களில் மட்டும் அப்படி மாற்றினேன், மற்றவற்றில் அசைவூட்டத்தையே நீக்கிவிட்டேன். தன் வேகத்தில் வாசிக்கிறவருக்கு வரி வரியாகத் தோன்றும் எழுத்து உதவியல்ல, காத்திருப்பு.

அதைவிடப் பெரிய சிக்கல், பொத்தான் இல்லாத ஸ்லைட் இப்போது பூட்டிய அறை என்பது. முன்பு ‘அடுத்து’ பொத்தானை மறந்தாலும் ஒரு கிளிக்கில் தப்பிக்கலாம். இப்போது மறந்தால் பார்ப்பவர் அங்கேயே நிற்பார். ஒவ்வொரு ஸ்லைடிலும் பொத்தானை ஒட்டிக்கொண்டு போனால் எங்கேயாவது ஒன்று விடுபடும், அல்லது ஒரு ஸ்லைடில் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம் என்று அலையும். ஆகவே `View` தாவலில் `Slide Master` திறந்து, பொத்தான்களை லேஅவுட்டிலேயே வைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று ஸ்லைட்கள் என்பதால் மூன்று லேஅவுட்கள். முதல் ஸ்லைடுக்கானதில் ‘அடுத்து’ மட்டும், நடுவுக்கானதில் ‘முந்தைய’, ‘அடுத்து’ இரண்டும், கடைசிக்கானதில் ‘முந்தைய’ மட்டும். மெனுப் பொத்தான் மூன்றிலும் உண்டு.

கடைசி ஸ்லைடில் ஏன் ‘அடுத்து’ இல்லை? `Next Slide` என்ற கட்டளைக்குப் பகுதி எங்கே முடிகிறது என்று தெரியாது, கோப்பில் அடுத்து எது இருக்கிறதோ அங்கே போகும். வாட்டுதலின் மூன்றாம் ஸ்லைடில் அதை அழுத்தினால் அரைத்தலுக்குள் விழுவீர்கள். மெனுவில் வாட்டுதலை மட்டும் தேர்ந்தவருக்கு, தான் வேறு பகுதிக்கு வந்துவிட்டது விளங்காது.

இந்தப் பொத்தான்கள் `Insert` தாவலில் `Shapes` பட்டியலின் அடியில், `Action Buttons` என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. வரைந்தவுடன் `Action Settings` பெட்டி திறக்கும். வீட்டுப் படம் உள்ள பொத்தான் இயல்பாகவே `First Slide` செல்லும். மெனுவையே முதல் ஸ்லைடாக வைத்ததால் அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை; முன்னால் ஒரு வரவேற்பு ஸ்லைட் வைக்கிறவர்கள் மாற்றித்தான் ஆக வேண்டும். லேஅவுட்டில் உள்ளவை ஸ்லைடின் பொருட்களுக்கு அடியில் கிடக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உலர்த்தும் இயந்திரத்தின் படத்தை ஸ்லைட் முழுக்கப் பரப்பியிருந்தேன். மூன்று பொத்தான்களும் அதன் கீழே புதைந்துவிட்டன. படத்தைக் கீழ் விளிம்பிலிருந்து கொஞ்சம் வெட்டினேன்.

`Action Settings` பெட்டியில் `Mouse Over` என்று இன்னொரு பக்கம் உண்டு. ஆசைப்பட்டு ஒருமுறை வைத்துப் பார்த்தேன். மவுஸ் பழகாத கை பொத்தானைக் கடந்தாலே ஸ்லைட் தாவிவிடுகிறது. உடனே எடுத்துவிட்டேன்.

மெனுவில் பெட்டிகளுக்குப் பதில் பத்தாம் தரத்து மாணவன் வரைந்த ஸ்டோர் படத்தை வைக்கலாம் என்று சக ஆசிரியர் சொன்னார். படத்தில் வாட்டும் தட்டைத் தொட்டால் வாட்டுதல், ரோலரைத் தொட்டால் அரைத்தல். ஒவ்வொரு இடத்தின் மேலும் ஒரு செவ்வகம் வரைந்து, நிறம் தெரியாமலிருக்க `No Fill` கொடுத்து இணைத்தேன். கிளிக் செய்தால் அசையவில்லை. `No Fill` என்றால் பவர்பாயிண்டுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்று பொருள், விளிம்புக்கோடு மட்டும்தான் பிடிபடும். `Solid fill` கொடுத்து, `Transparency` அளவை 100% ஆக்க வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மவுஸுக்கு இரண்டாவதுதான் பிடிபடும். விளிம்புக்கோட்டை அதன்பின் நீக்கிவிடலாம். எழுத்தை இணைக்காமல் வடிவத்தை இணைப்பது இன்னொரு வகையிலும் நல்லது. எழுத்தை இணைத்தால் அடிக்கோடும் வேறு நிறமும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டோர்ச் சொற்களுக்கு ஒரு ஸ்லைட் தேவைப்பட்டது. ‘தூள்’ என்றால் வீட்டில் காய்ந்த தேயிலைத்தூள். ஸ்டோரில், ரோலரிலிருந்து வந்து சல்லடையில் விழும் ஈரமான அரைத்த கொழுந்துக்கும் அதுதான் பெயர். இதை எந்த ஸ்லைடிலிருந்தும் பார்க்கலாம், ஆனால் திரும்பும்போது வந்த ஸ்லைடுக்கே திரும்ப வேண்டும். அதற்கு `Action Settings` பெட்டியில் `Last Slide Viewed` என்ற கட்டளை உண்டு. முதலில் சொற்களை இரண்டு ஸ்லைட்களில் பரப்பியிருந்தேன். இரண்டாவதிலிருந்து ‘திரும்பு’ அழுத்தினால் முதலாவது வந்தது, அங்கே அழுத்தினால் மறுபடி இரண்டாவது. இறுதியாகப் பார்த்த ஸ்லைட் எது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. சொற்களைக் குறைத்து ஒரே ஸ்லைடில் அடக்கினேன். இதே கட்டளை கேள்விப் பகுதியில் மிச்சம் பிடித்துத் தந்தது. மூன்று கேள்விகளுக்கும் ‘இல்லை, மீண்டும் பாருங்கள்’ என்ற ஸ்லைட் ஒன்றே போதும். எந்தக் கேள்வியிலிருந்து வந்தாரோ அதற்கே திரும்பிப் போவார்.

எழுத்துரு விவகாரம் நமக்குப் பழகியது. தரம் பிரித்தல் பகுதியைத் தட்டச்சு செய்து தந்த நண்பர் பாமினி எழுத்துருவில் செய்திருந்தார். ஸ்லைடில் ‘தேயிலை’ என்று அழகாகத் தெரிந்தது. இணைக்கப் போனபோது ஸ்லைட் தலைப்புகளின் பட்டியலில் `Njapiy` என்று நின்றது. பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டு வைக்கிறது, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஸ்லைடும் அப்படித்தான் தெரியும். கண்காட்சிக்கு வேறொருவரின் மடிக்கணினியை வாங்கியிருந்ததால் இதில் துணியவில்லை. எல்லாவற்றையும் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்து நிர்மலா எழுத்துருவில் வைத்தேன். கோப்பை `.ppsx` ஆகச் சேமித்தால் இரட்டைக் கிளிக்கிலேயே காட்சி தொடங்கும்.

கண்காட்சியின் முதல் நாள், ஸ்டோரில் ரோலர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பேத்தியோடு வந்தார். மவுஸை அவள் பிடிக்க, அவர் விரலால் திரையைக் காட்டினார். தரம் பிரித்தலுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“சேர், நார் எடுக்கிறது எங்கே? தண்டையும் நாரையும் எடுக்காமல் எப்படித் தரம் பிரிப்பீர்கள்?”

“விட்டுவிட்டோம் ஐயா. இன்று ராத்திரியே சேர்த்துவிடுகிறேன்.”

“சேருங்கள். அந்த மெஷினுக்குப் பக்கத்தில்தான் என் மனைவி இருந்தாள்.”

அன்றிரவு தரம் பிரித்தலின் முதல் ஸ்லைடுக்குப் பின்னால் ஒன்றைச் செருகி, அதற்கு நடு லேஅவுட்டைக் கொடுத்தேன். பின்னால் வரும் ஸ்லைட்களின் எண்கள் எல்லாம் ஒன்று கூடின. கேள்விப் பகுதிக்கான இணைப்புகள் தவறிப்போகும் என்று பயந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். எதுவும் தவறவில்லை. இணைப்பு ஸ்லைடின் எண்ணைப் பிடித்துக்கொள்வதில்லை, ஸ்லைடையே பிடித்துக்கொள்கிறது. இடம் மாற்றினாலும் கூடவே போகிறது. ஸ்லைடை அழித்துவிட்டு அதேபோல் புதிதாக ஒன்று செய்தால்தான் அறுந்துபோகும். மறுநாள் காலை முதல் ஆளாக அந்தப் பேத்திதான் வந்தாள், இந்த முறை பாட்டியோடு.