வெள்ளி இரவு என்றால் எந்தத் தேதி?

எங்கள் வீட்டில் சமைப்பது உம்மாவும் லாத்தாவும். ஆர்டர் எடுத்து எழுதுவது வாப்பா. இடியாப்பம், வட்டலப்பம், தொதல், மாலையில் வாடா என்று கீழக்கரையில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் நடக்கிற சிறு தொழில்தான். வாப்பா இளம் வயதில் கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். அதனால் 192 பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, சுருக்கெழுத்துப் போல எழுதி வைப்பார். அவருக்கு அது போதும். ஆனால் 2025 பிப்ரவரி கடைசியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் என்று முடிவானதும்தான், அந்த நோட்டைப் படிக்க வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது என்பது எங்களுக்கு உறைத்தது. நோன்பும் பெருநாளும் அடுத்தடுத்து வரவிருந்தன.

நான் கூகுள் ஷீட்டில் ஏற்றுவதாகச் சொன்னேன். வாடிக்கையாளர், பொருள், அளவு, கொடுக்கும் நாள் என்று நான்கு கட்டம் போட்டால் இரண்டு இரவில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கில் மூன்று கட்டங்கள் அப்படித்தான் முடிந்தன. நான்காவது கட்டம் பெருநாள் வரை என்னை விடவில்லை.

முதலில் ஒரு முடிவு எடுத்தேன். பழைய பக்கங்களைத் தொடவில்லை. கொடுத்து, காசும் வாங்கி முடித்த ஆர்டரைத் தட்டச்சு செய்து யாருக்கு என்ன லாபம்? இன்னும் கொடுக்க வேண்டியவை மட்டும் போதும். கூடவே, பெருநாளைக்கு எவ்வளவு சாமான் வாங்கலாம் என்று பார்ப்பதற்காகப் போன வருடத்துப் பெருநாள் பக்கங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

வாப்பாவின் எழுத்துக்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். பக்கத்தின் தலையில் 19-2-25 புதன் என்று இருந்தது. அதன் கீழே:

மஞ்சள் கேட் – இ 100, வ 10 – வெள்ளி இரவு
௸ – தொ ½ – ஞாயிறு

இரண்டே வரிகள். ஆனால் ஷீட்டில் இது மூன்று வரிகளாக வேண்டும். இடியாப்பமும் வட்டலப்பமும் ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் போனாலும் வேறு வேறு பொருள்கள். ஒரே வரியில் கிடந்தால் வியாழக்கிழமைக்கு மொத்தம் எத்தனை இடியாப்பம் என்று கூட்ட முடியாது. ஒரு வரிக்கு ஒரு பொருள் என்பதை மட்டும் நான் எங்கும் தளர்த்தவில்லை.

‘௸’ என்பது மேற்படி. பழைய கணக்குப்பிள்ளைகளின் குறி. இங்கே அதற்கு ‘அதே வீடு’ என்று அர்த்தம். இன்னொரு பக்கத்தில் அதே குறி வரியின் கடைசியில் இருந்தது. அங்கே ‘அதே நாள்’. இருக்கிற இடத்தை வைத்துத்தான் அர்த்தம். முதல் நாள் நான் சோம்பல்பட்டு, ஷீட்டிலும் மேற்படி என்றே அடித்து வைத்தேன். பிறகு நாள்வாரியாக வரிசைப்படுத்தியதும் வரிகள் எல்லாம் இடம் மாறி, மஞ்சள் கேட் வீட்டின் தொதல் வேறொரு வீட்டின் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. மேலே இருப்பது மேலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுவது மேற்படி. ஷீட்டில் அந்த நம்பிக்கை செல்லாது. எல்லா வரியிலும் பெயரையும் நாளையும் முழுமையாகத் திரும்ப எழுதினேன். கூடவே நோட்டின் பக்க எண்ணுக்கு ஒரு கட்டமும், வாப்பா எழுதியதை எழுதியபடியே வைக்க ஒரு கட்டமும் சேர்த்தேன். பின்னால் சந்தேகம் வந்தபோதெல்லாம் அந்தக் கடைசிக் கட்டம்தான் காப்பாற்றியது.

அளவில் இரண்டு இடங்களில் இடறினேன். எங்கள் வீட்டில் வட்டலப்பத்தை முட்டைக் கணக்கில்தான் கேட்பார்கள். ‘வ 10’ என்றால் பத்து முட்டை வட்டலப்பம். ‘வா 20’ என்றால் இருபது வாடா. வாப்பாவின் பேனா அவசரத்தில் ஓடும்போது அந்தத் துணைக்கால் விழுந்ததா இல்லையா என்பதை அவரிடமே கேட்டால்தான் தெரியும். அதனால் அளவு, அலகு என்று கட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். எண் தனியாக, ‘முட்டை’, ‘கிலோ’, ‘எண்ணிக்கை’ தனியாக. அலகைக் கட்டாயம் எழுத வேண்டும் என்றாகிவிட்டதால், ஒவ்வொரு ‘வ’விலும் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

இன்னோர் இடறல் வேடிக்கையானது. ஒரு வாரத்துக்கான தொதலைக் கூட்டிப் பார்த்தால் 45,712.5 கிலோ என்று வந்தது. லாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, “ராமேசுவரம் வரைக்கும் பந்தி வைக்கலாம் போலிருக்கிறதே” என்றாள். ஒரே ஒரு வரியில் அரை கிலோவை 1/2 என்று அடித்திருந்தேன். ஷீட் அதைப் பிப்ரவரி 1 என்று எடுத்துக்கொண்டது. ஷீட்டுக்குள் தேதி என்பது வெறும் எண். 2025 பிப்ரவரி 1-க்கு அந்த எண் 45689. மீதி 23.5 கிலோ, அதோடு அந்த அரை கிலோ, ஆக 24 கிலோதான் உண்மையான தொதல். எண் இவ்வளவு பெரிதாக இருந்ததால் கண்ணில் பட்டது. நோட்டில் உள்ள ½ என்ற ஒற்றை எழுத்தை அப்படியே ஒட்டியிருந்தால் ஷீட் அதை எழுத்தாக நினைத்துக் கூட்டலிலேயே சேர்க்காது. அரை கிலோ சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். அதுதான் மோசம். பிறகு எல்லாவற்றையும் 0.5 என்று மாற்றினேன். அளவுக் கட்டத்துக்கு `Data validation` போட்டு, 0-க்கு மேல் 500 வரையான எண்ணைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி செய்தேன்.

இனி அந்த நாள் விஷயம்.

மஞ்சள் கேட் வீட்டின் ‘வெள்ளி இரவு’ வரியில் 21-2-2025 என்று எழுதினேன். அந்த வாரத்து வெள்ளி அதுதான். வியாழன் பிற்பகல் ஷீட்டைப் பார்த்தால் அன்றைக்கு இடியாப்பம் ஒன்றுமில்லை. ஆனால் அடுப்படியில் உம்மா மாவு வறுத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் பத்து முட்டைகள் எண்ணி வைத்திருக்கின்றன.

“யாருக்கு உம்மா?”

“மஞ்சள் கேட் வீட்டுக்குத்தான். இன்றைக்கு வெள்ளி இரவு அல்லவா!”

எனக்குத் தெரியாததல்ல. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் நாள் மாறிவிடும். வியாழன் பொழுது சாய்ந்தால் அது வெள்ளி இரவு. யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருந்தால் யோசிக்காமலே புரிந்துகொண்டிருப்பேன். ஷீட்டின் முன்னால் உட்கார்ந்ததும் பள்ளிக்கூடத்து நாள்காட்டி தலைக்குள் வந்துவிட்டது. நோட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் பிழைத்தோம். ஷீட்டை மட்டும் நம்பியிருந்தால் ஒரு நாள் கழித்து நூறு இடியாப்பத்தோடு அந்த வீட்டு வாசலில் நின்றிருப்போம்.

எல்லா ‘இரவு’களிலும் ஒரு நாளைக் கழித்துவிட்டால் போதும் என்றும் இருக்க முடியவில்லை. ராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்து போகிற டீச்சர் ஒருவர் வெள்ளி இரவு என்று சொன்னால் அது வெள்ளிக்கிழமை ராத்திரிதான். வாப்பாவிடம் கேட்டேன். “அவர்களுக்கெல்லாம் மணி போட்டிருப்பேனே, பார்க்கவில்லையா?” என்றார். உண்மைதான். அப்படிப்பட்டவர்களுக்கு ‘வெள்ளி 7 மணி’ என்றும், நம் ஆட்களுக்கு வெறுமனே ‘வெள்ளி இரவு’ என்றும் எழுதியிருந்தார். இத்தனை வருடங்களாக அந்த வித்தியாசத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்கவுமில்லை. இரண்டிலும் சேராத மூன்று வரிகளுக்குப் போன் செய்து கேட்டேன்.

மஞ்சள் கேட் வரிகள் கடைசியில் இப்படி நின்றன:

| எழுதிய தேதி | வாடிக்கையாளர் | பொருள் | அளவு | அலகு | கொடுக்கும் நாள் |
|---|---|---|---|---|---|
| 19-2-2025 | மஞ்சள் கேட் | இடியாப்பம் | 100 | எண்ணிக்கை | 20-2-2025 |
| 19-2-2025 | மஞ்சள் கேட் | வட்டலப்பம் | 10 | முட்டை | 20-2-2025 |
| 19-2-2025 | மஞ்சள் கேட் | தொதல் | 0.5 | கிலோ | 23-2-2025 |

அடுத்த சிக்கல் பெருநாள். மார்ச் பிறந்ததும் நோட்டு முழுக்க ‘பெருநாள்’, ‘பெருநாளைக்கு முந்தின நாள்’ என்று நிறைந்துவிட்டது. இதற்கு என்ன தேதி போடுவது? மார்ச் 2 முதல் நோன்பு. 30-ஆம் தேதி மாலை பிறை தெரிந்தால் 31 பெருநாள். தெரியாவிட்டால் ஏப்ரல் 1. இதை யாரும் முன்கூட்டி எழுதிவிட முடியாது. 31 என்று அடித்துவிட்டு, மாறினால் அத்தனை வரியையும் திருத்தலாம். ஆனால் அந்த ராத்திரி அடுப்படி இருக்கும் நிலையில் யார் உட்கார்ந்து திருத்துவது?

அதனால் கொடுக்கும் நாளைக் கையால் எழுதுவதையே நிறுத்தினேன். அதற்குப் பதிலாக இரண்டு கட்டங்கள். ஒன்றில் கிழமை: ஞாயிறு 1, வெள்ளி 6, சனி 7; பெருநாள் ஆர்டராக இருந்தால் ‘பெருநாள்’ என்ற சொல். இன்னொன்றில் தள்ளல்: வெள்ளி இரவுக்கும் முந்தின நாளுக்கும் -1, மற்றதற்கு 0. பெருநாள் தேதி ஷீட்டில் K1 என்ற ஒரே இடத்தில் மட்டும். B-யில் ஆர்டர் எழுதிய தேதி, E-யில் கிழமை, F-இல் தள்ளல்:

```
=IF(E2="பெருநாள்", $K$1+F2, B2+MOD(E2-WEEKDAY(B2)-1,7)+1+F2)
```

எழுதிய நாளுக்குப் பிறகு வருகிற முதல் வெள்ளியை இது எடுத்துத் தரும். வெள்ளிக்கிழமையன்றே ‘வெள்ளி’ என்று எழுதியிருந்தால் அடுத்த வாரத்து வெள்ளிக்குப் போய்விடும். அது சரிதான், அன்றைக்கே வேண்டுமென்றால் வாப்பா ‘இன்று’ என்றுதான் எழுதுவார். ‘இன்று’, ‘நாளை’ வரிகளுக்குச் சூத்திரத்தை அழித்துவிட்டுத் தேதியையே அடித்தேன். எழுதிய தேதி தவறினால் எல்லாமே தவறும். பக்கத்தின் தலையில் மட்டும் தேதி போட்டு, அடுத்த நாள் ஆர்டரையும் அதே பக்கத்தில் தொடர்வது வாப்பாவின் பழக்கம். சில வரிகளுக்கு அவருடைய போனில் அழைப்பு வந்த நாளைப் பார்த்துத்தான் தேதியைக் கண்டுபிடித்தேன்.

கோடு அடித்த வரிகளும் கொஞ்சம் தொல்லை கொடுத்தன. கொடுத்து முடிந்ததற்கும் கோடு, வேண்டாம் என்று சொன்னதற்கும் கோடு. அதற்கு ஒரு வழியும் எனக்குக் கிடைக்கவில்லை. அடித்த வரி எதையும் ஏற்றாமல் விட்டேன்.

ஆபரேஷன் முடிந்து வாப்பா கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த நாட்களில், நான் வரிகளைப் படிக்க அவர் சரி பார்த்தார். எழுதியது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் யார் என்ன கேட்டார்கள் என்பது அவருக்கு நினைவிருந்தது. ஒரு வரிக்கு மட்டும், “அது அவர்கள் இல்லை, அவர்களுடைய தங்கச்சி வீடு” என்றார்.

மார்ச் 30 மாலை. தொதல் நாள்பட இருக்கும் என்பதால் இரண்டு நாள் முன்னாலேயே கிண்டி முடித்திருந்தோம். வட்டலப்பத்துக்குத்தான் பிறை தெரிய வேண்டும். அது பெருநாள் காலையில் போக வேண்டியது, முந்தின ராத்திரிதான் அவிக்க முடியும். K1-இல் அதுவரை ஏப்ரல் 1 என்று வைத்திருந்தேன். நோன்பு திறந்து கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வந்தது. K1-இல் 31-3-2025 என்று அடித்தேன். பெருநாள் வரிகள் எல்லாம் ஒரு நாள் முன்னால் நகர்ந்து வந்தன. உம்மா, “மொத்தம் எத்தனை முட்டை?” என்று கேட்டார்கள். சொன்னேன். திண்ணையிலிருந்து வாப்பா, “இன்னும் பத்து சேர்த்து உடை. ராத்திரி போன் வரும்” என்றார்.

வந்தது. நோட்டில்தான் எழுதினார்.