வட்டத்தில் சமவாய்ப்பு நாண்: மூன்று விடைகளையும் ஒரே மாறியில் பார்ப்பது எப்படி

நிகழ்தகவுப் பாடத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ஒரு வட்டத்தில் சமவாய்ப்பாக ஒரு நாண் வரையப்படுகிறது. வட்டத்துக்குள் வரைந்த சமபக்க முக்கோணத்தின் பக்கத்தைவிட அந்த நாண் நீளமாக இருக்க நிகழ்தகவு என்ன? பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசஃப் பெர்ட்ராண்ட் 1889-இல் இதைக் கேட்டு, 1/3, 1/2, 1/4 என்று மூன்று விடைகளைக் காட்டினார். மாணவர்கள் பலர் மூன்று வழிகளையும் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். "ஏன் வேறுபடுகின்றன?" என்று அடுத்த கேள்வி வந்தால் அங்கே எழுத ஒன்றும் இருக்காது. மூன்றையும் ஒரே மாறிக்குக் கொண்டுவந்தால் காரணம் தானாகவே தெரிந்துவிடும்.

அந்த மாறி, மையத்திலிருந்து நாணுக்கு உள்ள செங்குத்துத் தூரம் d. ஆரம் R என்றால் நாணின் நீளம் 2√(R² − d²). முக்கோணத்தின் பக்கம் √3 R. அது மையத்திலிருந்து R/2 தூரத்தில் இருக்கிறது. ஆகவே, 'நாண் பக்கத்தைவிட நீளம்' என்பதும் d < R/2 என்பதும் ஒன்றே. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இனிக் கேட்கப்படுவது ஒன்றுதான்: 0 முதல் R வரை d எப்படிப் பரவியிருக்கிறது?

R = 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். d < 5 ஆக வேண்டும்.

முதல் வழியில் பரிதியில் இரு புள்ளிகளைச் சீராகத் தேர்ந்து இணைக்கிறோம். அவை மையத்தில் தாங்கும் கோணத்தில் பாதியை φ என்போம். அது 0° முதல் 90° வரை சீராகப் பரவும். d = 10 cos φ. d < 5 ஆக φ 60°-ஐத் தாண்ட வேண்டும். 90-இல் 30 பாகை, அதாவது 1/3. இங்கே நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. φ 0°-இலிருந்து ஏறத்தாழ 26° வரை நகரும்போது d 10-இலிருந்து 9-க்குத்தான் இறங்குகிறது. கோணத்தில் கால் பங்குக்கும் மேல், கடைசி ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. கோணம் சீராக இருந்தாலும் d சீராக இல்லை, விளிம்பருகே குவிகிறது.

இரண்டாம் வழியில் ஓர் ஆரத்தின்மேல் ஒரு புள்ளியைச் சீராகத் தேர்ந்து, அதன் வழியே ஆரத்துக்குச் செங்குத்தாக நாண் வரைகிறோம். d-யே நேரடியாகச் சீராகப் பரவுவதால் விடை 5/10 = 1/2.

மூன்றாம் வழியில் வட்டப்பரப்புக்குள் ஒரு புள்ளியைச் சீராகத் தேர்ந்து, அதை நாணின் நடுப்புள்ளி ஆக்குகிறோம். இப்போது சீராக இருப்பது பரப்பு. 5 செ.மீ. ஆரமுள்ள உள்வட்டத்தின் பரப்பு முழுப் பரப்பில் 25/100 = 1/4.

இந்த மூன்றையும் வைத்து ஆயிரம் ஆயிரம் நாண்கள் வரைவதாக எண்ணிப் பாருங்கள். d 9-க்கு மேல் உள்ள, அதாவது சுமார் 8.7 செ.மீ.-க்கும் குறைவான குட்டை நாண்கள், முதல் வழியில் ஏறத்தாழ 287, இரண்டாவதில் 100, மூன்றாவதில் 190 கிடைக்கும். மையத்தை ஒட்டி d 1-க்குக் கீழே உள்ளவை 64, 100, 10. மூன்றும் வெவ்வேறு நாண் கூட்டங்கள். ஒரே கூட்டத்தை மூன்று விதமாக எண்ணி முரண்பாடு வந்தது என்று எழுதினால் தவறு. 'சமவாய்ப்பாக' என்ற சொல் எது சீராகப் பரவ வேண்டும் என்று சொல்லாமல் விட்டதுதான் காரணம். முதலாவதில் கோணம் சீர், இரண்டாவதில் தூரம் சீர், மூன்றாவதில் பரப்பு சீர். ஒன்று சீராக இருந்தால் மற்ற இரண்டும் சீராக இருக்க முடியாது. அடர்த்திச் சார்பு கேட்டால் வரிசையாக 2/(π√(R² − d²)), 1/R, 2d/R² என்று எழுதலாம்.

எல்லையை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பதும் நல்ல பயிற்சி. முக்கோணத்துக்குப் பதில் உள்ளே வரைந்த சதுரத்தின் பக்கத்தை எடுத்தால் நிபந்தனை d < R/√2 ஆகிறது. முதல் வழியும் மூன்றாம் வழியும் இரண்டுமே 1/2 என்கின்றன. இரண்டாவது மட்டும் 0.707. ஓர் எல்லையில் விடை ஒத்துவந்ததால் பரவல்களும் ஒன்று என்று முடிவு கட்டக் கூடாது.

கணினியில் சோதிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது மூன்றாம் வழியில். வட்டத்துக்குள் புள்ளி எடுக்க, மையத்திலிருந்து தூரத்தைச் சீராகவும் திசையைச் சீராகவும் எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் புள்ளிகள் மையத்தருகே நெருக்கமாக விழும், விடை 0.25-க்குப் பதில் 0.5 வரும். அறியாமலே இரண்டாம் வழிக்குப் போய்விட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். 0-க்கும் 1-க்கும் இடையில் சீராக எடுத்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தூரமாக எடுக்க வேண்டும்:

```python
import random, math
N = 100000
def share(pick):
    return sum(pick() < 0.5 for _ in range(N)) / N

ends   = lambda: math.cos(random.random() * math.pi / 2)
radius = lambda: random.random()
middle = lambda: math.sqrt(random.random())
print(share(ends), share(radius), share(middle))
```

இங்கே R = 1. மூன்றாம் தசம இடம் ஒவ்வொரு ஓட்டத்திலும் சற்று ஆடும். அதற்கு மேல் ஆடினால் நிரலில் பிழை.

இன்னொரு பிழையும் அடிக்கடி வரும். பரப்புக்குள் ஒரு புள்ளியை எடுத்து, அதன் வழியே ஏதோ ஒரு திசையில் நாண் வரைவது மூன்றாம் வழி ஆகாது. அங்கே அந்தப் புள்ளி நாணின் மேல் எங்கோ இருக்கிறது, நடுவில் அல்ல. நீளமான நாண்களில் அதிகப் புள்ளிகள் இருப்பதால் அவையே அதிகம் சிக்கும். கணக்கிட்டால் 1/3 + √3/(2π), சுமார் 0.609. ஆக, வழிகள் மூன்றோடு நிற்பதும் இல்லை.

'எது சரியான விடை?' என்று கேட்டால் 'எல்லாமே சரி' என்று மட்டும் எழுதுவது பாதிப் பதில்தான். 1973-இல் அமெரிக்க இயற்பியலாளர் இ. டி. ஜெய்ன்ஸ் இப்படிக் கேட்டார்: வட்டத்தின் அளவும் இடமும் கேள்வியில் இல்லையே, அப்படியானால் வட்டத்தைச் சிறிதாக்கினாலும் நகர்த்தினாலும் விடை மாறாமல் இருக்க வேண்டாமா? நம் 10 செ.மீ. வட்டத்துக்குள் அதே மையத்தில் 5 செ.மீ. வட்டம் வரைந்து, அதை வெட்டும் நாண்களை மட்டும் எடுங்கள். சிறிய வட்டத்துக்கு நிபந்தனை d < 2.5. முதல் வழியில் விடை 0.333-லிருந்து 0.483-க்குத் தாவுகிறது, அது அங்கேயே விழுந்துவிட்டது. இரண்டாவது 1/2-ஆகவும் மூன்றாவது 1/4-ஆகவும் அப்படியே நிற்கின்றன. ஆனால் சிறிய வட்டத்தை மையத்தைவிட்டு a தூரம் நகர்த்துங்கள். நகர்த்திய திசையோடு நாணின் செங்குத்து θ கோணம் அமைத்தால், புதிய மையத்திலிருந்து நாணின் தூரம் d − a cos θ என்று வெறுமனே இடம்பெயர்கிறது. சீரான d இடம்பெயர்ந்தாலும் சீராகவே இருக்கும். 2d/R² என்று ஏறிக்கொண்டே போகும் அடர்த்தி அப்படி இருக்காது. இரண்டு சோதனையிலும் தேறுவது 1/2 மட்டுமே. தரையில் வரைந்த வட்டத்தின்மேல் நீளமான துரும்புகளை எட்டி நின்று வீசினால் நடப்பதும் இதுதான். ஜெய்ன்ஸ் 128 வீச்சுகளில் அதைச் சரிபார்த்தார்.

இந்த வாதத்துக்கு வரம்பு உண்டு. வட்டப்பலகையின் விளிம்பில் சுழல்முள் காட்டும் இரு புள்ளிகளை இணைப்பதாகக் கேள்வி சொன்னால், 1/3-தான் விடை. நகர்த்தும் சோதனைக்கு அங்கே இடமில்லை. தேர்வில் கேள்வி வழியைச் சொல்லியிருந்தால் அந்த வழியில் d-இன் பரவலைக் கண்டு விடை எழுதுங்கள். சொல்லாமல் விட்டிருந்தால், எதைச் சீராக எடுக்கிறீர்கள் என்று ஒரு வரியில் அறிவித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.