'ஆடித் திருநாள்' கேள்வித்தாள்: குதிரைக் கேள்வி ஒருவழியாகப் படிந்தது

பொன்னியின் செல்வன் முதல் அத்தியாயத்துக்கான கேள்வித்தாள் இந்த வாரம் முடிந்தது. வாசிப்பு வட்டத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் நன்றாகவே எழுதினார்கள். இணையத்தில் கதைச்சுருக்கம் மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்களும் 2022 படத்தை நம்பி வந்தவர்களும் பாதியைக்கூடத் தொடவில்லை. எனக்குப் பரம திருப்தி.

வட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் முதலில் கழித்தது, "வீரநாராயண ஏரிக்கு எத்தனை கணவாய்?" என்பது. ஏரி நீர் வெளியேறும் அந்த வழிகள் எழுபத்து நான்கு என்று எந்தச் சுருக்கத்தைத் திறந்தாலும் கிடைக்கும். அத்தியாயத்தை ரசித்துப் படித்தவர் அந்த எண்ணை மறந்திருப்பார். படிக்காதவருக்கு மதிப்பெண் தந்து படித்தவரைத் தண்டிக்கும் கேள்வி அது. ஏரி எத்தனை காதம் நீளம் என்பதும் இதே ஜாதிதான்.

நான் அதிக நேரம் செலவழித்தது தவறான விடைகளுக்குத்தான். சரியான விடையை எழுதுவது சுலபம். தவறான மூன்றும், படிக்காதவர் 'இதுவாகத்தான் இருக்கும்' என்று தாமாகவே போய் விழும்படி இருக்க வேண்டும். அதற்கான சரக்கைச் சுருக்கங்களிலிருந்தே எடுத்தேன். குதிரைக் கேள்வியைப் பாருங்கள்:

வந்தியத்தேவனின் குதிரை மெதுவாகப் போகிறது. அவன் ஏன் அதை முடுக்கவில்லை?
அ) ரகசிய ஓலை கொண்டு போவதால் யார் கண்ணிலும் படாமல் இருக்க
ஆ) ஏரியின் அழகில் மனதைப் பறிகொடுத்திருந்ததால்
இ) ஆழ்வார்க்கடியானுடன் பேசிக்கொண்டே போனதால்
ஈ) கரை முழுக்கக் கூட்டம் வழிமறித்ததால்

சுருக்கங்கள் பெரும்பாலும் ஆதித்த கரிகாலனின் ஓலையில்தான் தொடங்குகின்றன, அதனால் அந்த வாசகர் அ-வுக்குப் போவார். முதல் சில அத்தியாயங்களை ஒன்றாகக் கலந்து சொல்லும் சுருக்கத்தைப் பார்த்தவர் இ-க்குப் போவார், ஆழ்வார்க்கடியான் வருவதே இரண்டாம் அத்தியாயத்தில்தான். ஊகிப்பவருக்கு ஈ. படித்தவருக்கோ யோசனையே தேவையில்லை. களைத்த குதிரை மெள்ள நடக்க, அவன் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டே போவதுதானே அந்த அத்தியாயத்தின் முதல் காட்சி!

இதில் ஆ முதலில் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. நீளமான விடைதான் சரி என்று எல்லோருக்கும் தெரியும். நான்கையும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்குக் கொண்டுவருவதற்குள் ஒரு மாலை போய்விட்டது.

இரண்டாவது பிடித்தமான கேள்வி: "ஏரிக்கரையில் சாப்பிட்டு முடித்தவர்கள் எதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள்?" சாப்பிட்ட கமுகு மட்டைகளைக் கணவாய் ஓரத்தில் எறிகிறார்கள், அவை கரைக்கு மறுபக்கம் விழுந்தடித்துக்கொண்டு வெளியே வருகின்றன. கதைக்கு இது தேவையே இல்லை, அதனால் எந்தச் சுருக்கத்திலும் இருக்காது. ஆனால் கணவாய் என்றால் கரையைத் துளைத்து வெளியேறும் நீர்வழி என்று மனதில் படம் விரிந்திருந்தால் மறக்கவும் மறக்காது. தவறான விடைகளில் ஒன்றாக, விளக்கேற்றி மிதக்கவிட்டதை வைத்தேன். படிக்காமல் எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்த அண்ணன் மகள் நேராக அதில் போய் விழுந்தாள். "ஆடிப்பெருக்குன்னா விளக்குதானே விடுவாங்க, சித்தப்பா?" என்றாள். படிக்காத ஒருவரிடம் இப்படிக் கொடுத்துப் பார்க்காமல் எந்தக் கேள்வியையும் தாளில் சேர்ப்பதில்லை. அவர் சரியாக எழுதிவிட்டால் கேள்வி குப்பைக்கு.

கேள்வியில் 'கமுகு' என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டேன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, முழு நாவலும் இணையத்தில் கிடக்கிறது. மூலத்தில் உள்ள சொல்லைக் கேள்வியில் வைத்தால் கைப்பேசியில் தேடிய மறுநொடி அந்த வரி வந்து நிற்கும். கைகொட்டி என்பதுகூட மூலத்துச் சொல்தான், அடுத்த படியில் அதையும் மாற்றப் போகிறேன்.

பதிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளுக்கொரு பதிப்பு வைத்திருப்பதால் பக்க எண்ணைச் சொல்லிக் கேட்க வழியில்லை. மணியம் ஓவியங்கள் உள்ள பதிப்பும் உண்டு, இல்லாததும் உண்டு, ஆகவே படத்தைப் பார்த்து விடை சொல்லும்படியான கேள்வியும் கூடாது. மலிவு விலைக்கு வாங்கும்போது சுருக்கப்பட்ட பதிப்பா என்று அட்டையின் உள்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். அதில் கமுகு மட்டை இருக்கும் என்று நம்ப முடியாது.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. பெண்களின் பாட்டு, பனைமரக் கொடி பறக்கும் ஓடங்கள் வருவது, கூட்டத்தின் குதூகலம் மாறுவது ஆகியவற்றை வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்வி அது. ஊகித்தே சரியாக அடுக்கிவிடுகிறார்கள். கொடியைக் கண்டதும் கூட்டம் ஏன் மாறியது என்று ஒரே வரியில் எழுதச் சொல்லலாமா என்று பார்க்கிறேன், ஆனால் திருத்துவதற்கு நேரம் பிடிக்கும்.

அதற்குள் ஆறாம் அத்தியாயமான 'நடுநிசிக் கூட்டம்' வேறு மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. கடம்பூர் மாளிகையில் நடக்கும் சதியாலோசனை சுருக்கங்களில் வரி விடாமல் இருக்கிறது. யார் எதைச் சொல்லத் தயங்கினார், யார் குறுக்கிட்டார் என்ற பக்கமாகப் போனால் ஏதாவது சிக்கலாம். பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.