டிரான்ஸ்கிரிப்ட் தனியா போகுது, ஃபார்ம்ல என்ன போடுறது

நவம்பர் 4
இன்னைக்கு யூனிவர்சிட்டி மேல்படிப்பு அப்ளிகேஷன்ல படிப்பு விவரம் பகுதியை திறந்தேன். படிச்ச பாடமும் மார்க்கும் இருக்கிற டிரான்ஸ்கிரிப்ட்டை காலேஜே சீல் வச்சு நேரா அனுப்பிடும், அப்புறம் இதையெல்லாம் நாம ஏன் டைப் பண்ணணும்னு அக்காகிட்ட கேட்டேன். "கவர் வந்து சேர்ற வரைக்கும் நீ டைப் பண்ணதை வச்சுதான்டா படிப்பாங்க, வந்ததும் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க"ன்னா. சரியாதான் சொல்றா, ஃபார்ம்ல ஒண்ணு பேப்பர்ல ஒண்ணுன்னு இருந்தா ஃபைல் அங்கேயே நின்னுடும்.

நவம்பர் 5
ஜிபிஏ பெட்டிலயே ரொம்ப நேரம் போயிடுச்சு. என் மார்க்ஷீட்ல 7.84, பத்துக்கு. அதை நாலு ஸ்கேலுக்கு மாத்த நாலால பெருக்கி பத்தால வகுத்தா 3.14 வருது, நிறைய பேர் அதைத்தான் போடச் சொல்றாங்க, ஆனா அந்த 3.14 என் டிரான்ஸ்கிரிப்ட்ல எந்த மூலையிலயும் கிடையாதே, சரிபார்க்கிறவர் எதோட ஒப்பிடுவார்? அதுவும் போக ஒவ்வொரு யூனிவர்சிட்டியும் மாத்துற முறை வேற வேற. அதனால 7.84னு போட்டு, பக்கத்துல ஸ்கேல்ல 10 தேர்வு பண்ணிட்டேன். இன்னொரு ஃபார்ம்ல ஸ்கேல் கேக்கவே இல்ல, 4க்கு மேல எண்ணையும் ஏத்துக்கல. கட்டாயம்னு ஸ்டார் போடாததால காலியா விட்டுட்டு, கூடுதல் தகவல் பெட்டில "7.84/10, கன்வெர்ட் பண்ணலை"ன்னு ஒரு வரி எழுதினேன். ஸ்டார் இருந்திருந்தா அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் போட்டு கேட்டுட்டுதான் நிரப்பியிருப்பேன்.

நவம்பர் 7
முதல் வருஷம் வேற காலேஜ்ல படிச்சேன், அந்த கிரெடிட் எல்லாம் இப்போதைய டிரான்ஸ்கிரிப்ட்லயே ஏறியிருக்கு. இருந்தாலும் படிச்ச எல்லா இடத்தையும் எழுதுன்னு குறிப்புல தெளிவா இருக்கு, அதனால ரெண்டு காலேஜையும் தனித்தனி வரிசையா சேர்த்தேன், சேர்ந்த மாசம், விலகின மாசத்தோட. பழைய காலேஜ் வரிசைல டிகிரிங்கிற இடத்துல "டிகிரி இல்லை". அங்கயும் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு இன்னைக்கே எழுதிக்கொடுத்துட்டேன், அதுதான் லேட்டாகும்னு தோணுது.

நவம்பர் 12
ஜிஆர்இ முடிச்சேன். ஸ்க்ரீன்ல வெர்பல், குவாண்ட் ரெண்டு மட்டும் காட்டுச்சு, ரைட்டிங் மார்க் எட்டுலேர்ந்து பத்து நாள்ல அக்கவுண்ட்ல வரும். ஃபார்ம்ல பரீட்சை தேதியையும் அந்த ரெண்டு மார்க்கையும் போட்டு ரைட்டிங், பர்சன்டைல் ரெண்டையும் காலியா விட்டிருக்கேன். குத்துமதிப்பா ஒரு 4 போட்டு, ரிப்போர்ட்ல 3.5னு வந்தா அது பொய்யாத்தானே தெரியும்?

நவம்பர் 21
ரிப்போர்ட் வந்துடுச்சு, அதுல இருக்கிறதை அப்படியே பார்த்து காலி பெட்டியை நிரப்பிட்டேன். அப்புறம் பேர் விஷயம். ஸ்கோர் ரிப்போர்ட்டை அப்ளிகேஷனோட சேர்க்கிறது பேரும் பிறந்த தேதியும் வச்சுதான். பரீட்சைக்கு பாஸ்போர்ட்ல இருக்கிற முழுப்பேர்ல பதிஞ்சேன், டிரான்ஸ்கிரிப்ட்லயோ வெறும் இனிஷியல்தான். அதனால ஃபார்ம்ல முதல் பேரா பாஸ்போர்ட் பேரையும், "வேறு பெயர்கள்"ங்கிற இடத்துல இனிஷியல் பேரையும் போட்டேன். டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு கொடுத்த ரெண்டு விண்ணப்பத்துலயும் அப்ளிகேஷன் ஐடியை கவர் மேல எழுதச் சொல்லியிருக்கேன், இல்லன்னா கவர் போய் சேர்ந்தும் யாரோடதுன்னு தெரியாம கிடக்கும்.

டிசம்பர் 3
ஸ்டேட்டஸ் பக்கத்துல ஸ்கோர் வந்ததா காட்டுது, இப்போதைய காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்டும் வந்தாச்சு. பழைய காலேஜ்தான் பாக்கி. அவங்க அனுப்பின கூரியர் நம்பரை வாங்கி, ஐடியோட அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் போட்டாச்சு.