வராவிட்டால் எதைச் சொல்வது?

"மேடம், இது வரவே வரலைன்னா எதைச் சொல்றது? உ-வா, இ-யா?"

ஜெர்மனிக்குப் போகவிருக்கும் செவிலியர்களுக்கான பி1 நிலை ஜெர்மன் மொழி வகுப்பில், வாயில் வர மறுக்கும் ஓர் உயிரொலியைப் பற்றி வந்த கேள்வி. "இ சொல்லுங்க" என்றேன். பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த சக ஆசிரியை வகுப்பு முடிந்ததும், "மாற்று ஒலியைக் கையில் கொடுத்துட்டா, அசல் ஒலிக்கு யார் மெனக்கெடுவா?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே முழுதாகத் திருப்தி தரவில்லை. ஆனாலும் அந்த 'இ'-யை இன்னும் விடவில்லை.

தலையில் இரண்டு புள்ளி வைத்த ஜெர்மன் உ-வைத்தான் சொல்கிறேன். தமிழ் எழுத்தில் அதற்கு இடமில்லை. மாணவிகள் நோட்டில் 'யூ' என்று எழுதிக்கொள்கிறார்கள். அதுதான் முதல் கேடு. இ-யின் நாக்கும் உ-வின் உதடும் ஒரே கணத்தில் சேர வேண்டிய ஒலி அது. 'யூ' என்று எழுதியதும் முதலில் நாக்கு, பிறகு உதடு என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அதனால் என் வகுப்பில் இ-யை எழுதிப் பக்கத்தில் ஒரு சிறு வட்டம் போடச் சொல்கிறேன். வட்டம் என்றால் உதட்டைக் குவி என்று பொருள். 'தாய்' என்பது முட்டர், 'தாய்மார்' என்பது மி°ட்டர். புள்ளி வைத்த ஒ-வுக்கு எ°.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்தையும் நா விளிம்பு மேற்பல்லின் அடியைப் பொருந்துவதைக் கொண்டு அடையாளம் காட்டுகிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் அது சொல்லும் அடையாளம் இதழ் குவிதல். ஒரு கூட்டத்துக்கு நாக்கு, மறு கூட்டத்துக்கு உதடு. ஜெர்மன் கேட்பது இரண்டையும் சேர்த்து. புதிய அசைவு எதுவும் இல்லை, சேர்க்கைதான் புதிது. இந்தப் பாகுபாட்டை அறிந்தவர்களுக்கு நான் வேறு விளக்கம் சொல்வதில்லை.

செய்முறை இதுதான். 'ஈ' என்று நீட்டிச் சொல்லி நிறுத்தாமல் பிடித்திருக்க வேண்டும். நாக்கின் இரு ஓரமும் மேல் கடைவாய்ப் பற்களில் படுவது தெரியும். குரலை அறுக்காமல், நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் முன்னே தள்ளி, பென்சில் நுழையும் அளவுக்குக் குவிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஈ – ஈ° – ஈ – ஈ° என்று மாறி மாறிப் போய்வர வேண்டும்.

கண்ணாடி பார்த்துப் பழகுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஊ-வுக்கும் ஈ°-க்கும் உதடு வெளியிலிருந்து ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு முழுக்க நாக்கில் இருக்கிறது, அது கண்ணாடியில் தெரியாது. நான் வைக்கும் சோதனை வேறு. ஒலியைப் பிடித்திருக்கும்போதே உதட்டை மட்டும் தளர்த்த வேண்டும். தெளிவான 'ஈ' வெளிவந்தால் நாக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. 'காசு', 'நேத்து' என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் வரும் குவியாத குற்றியலுகரம் போல ஏதாவது வந்தால், நாக்கு பின்னால் போய்விட்டது, சொன்னது வெறும் ஊ. இன்னொரு வழி, குரலில்லாமல் கிசுகிசுப்பது. ஈ-யைக் கிசுகிசுத்தால் கீச்சென்று மேலே இருக்கும், ஊ-வைக் கிசுகிசுத்தால் அடியில் போய்விடும், ஈ° நடுவில் நிற்கும். ஊ-வின் பள்ளத்துக்கு இறங்கிவிட்டால் தவறு. சுற்றிலும் பத்துப் பேர் கத்திக்கொண்டிருக்கும் வகுப்பில் முதல் சோதனைதான் உதவும்.

நாக்கு ஏன் பின்னால் ஓடுகிறது? பேச்சுத் தமிழ் அதைப் பழக்கி வைத்திருக்கிறது. பிடி என்பதைப் புடி என்கிறோம். பிள்ளை புள்ள ஆகிறது, வீடு வூடு ஆகிறது, மிட்டாய் முட்டாய் ஆகிறது. முன்னால் உதட்டில் பிறக்கும் ப, ம, வ; பின்னால் நாக்கை மடிக்கும் ட, ள. இவற்றுக்கு நடுவே மாட்டும் இ உதடு குவிந்ததுமே நாக்கையும் இழுத்துக்கொண்டு உ-வாகிவிடுகிறது. நடுவில் ஈ°-யில் நிற்கப் பழகிய வாய் நம்முடையது அல்ல.

இப்போது மி°ட்டரைப் பாருங்கள். முன்னால் ம, பின்னால் ட்ட. மிட்டாயை முட்டாய் ஆக்கும் அதே சூழல். நம் பழக்கம் அதை முட்டர் ஆக்காமல் விடாது. ஆனால் இந்த ஒலிக்குப் பாடம் எடுக்கும்போது பெரும்பாலும் முதலில் கொடுக்கும் இணையே முட்டர்–மி°ட்டர்தான். ஜெர்மன்காரருக்கு அது எளிய இணை, தமிழருக்கு இருப்பதிலேயே கடினமானது. ஜெர்மன் ட் நாக்கை மடித்துச் சொல்வதல்ல, நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தட்டும், கூடவே கொஞ்சம் மூச்சு வரும். நம் ட-வை விட நம் த-வே அதற்கு நெருக்கம். ட-வைச் சரிசெய்யாமல் உயிரெழுத்தைத் திருத்துவது வீண் வேலை. 'இனிப்பு' என்னும் ஸீ°ஸ், 'மெலிந்த' என்னும் டி°ன் போன்ற சொற்களில் தொடங்கி, மி°ட்டரைக் கடைசிக்குத் தள்ளிவிடுவது நல்லது.

இவ்வளவும் ஒலியை வரவழைக்க. அந்த மாணவி கேட்டதோ, வராதபோது என்ன செய்வது என்று.

ஜெர்மனில் இந்தப் புள்ளிகள் பல இடங்களில் இலக்கண வேலை செய்கின்றன. ஒருமையைப் பன்மையாக்குகின்றன. 'பாதம்' ஃபூஸ், 'பாதங்கள்' ஃபீ°ஸ. உ-வைப் போட்டால் இரண்டு காலில் வலி என்பது ஒரு காலாகிவிடலாம். வினைச்சொல்லில் விளைவு இன்னும் மோசம். நோயாளியிடம் "கையைத் தூக்க முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்க, "கெ°ன்ட்டன் ஸீ டென் ஆர்ம் ஹேபன்?" என்று சொல்ல வேண்டும். எ° வராமல் ஒ-வைப் போட்டுக் "கொன்ட்டன் ஸீ" என்றால் அது இறந்தகாலம்: "கையைத் தூக்க முடிந்ததா?" பக்கவாதத்தால் படுத்திருப்பவர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு, கையைத் தூக்காமலே இருப்பார். அவர் கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். செவிலியர் குறிப்பேட்டில் என்ன எழுதுவார்? உதட்டை விட்டுவிட்டுக் "கென்ட்டன் ஸீ" என்று சொல்லியிருந்தால், அன்றாடப் பேச்சில் அப்படி ஒரு சொல் குறுக்கே வந்து நிற்காது. கேட்பவர் வெளிநாட்டு உச்சரிப்பு என்று எடுத்துக்கொண்டு, கையைத் தூக்க முயல்வார்.

உ-வும் ஒ-வும் இலக்கணமாகவே பொருந்தும் வேறொரு வாக்கியத்தைக் கொடுத்துவிடுகின்றன. தவறு நடந்தது இரு தரப்புக்கும் தெரியாது. இ-யும் எ-யும் கொடுக்கும் தவறு பெரும்பாலும் காதில் தட்டுப்படும், அதனால் ஆபத்து குறைவு. ஸாக்ஸனி, ஸ்வேபியா, பவேரியா வட்டார வழக்குகளில் உள்ளூர்க்காரர்களே உதட்டைக் குவிக்காமல் இ, எ என்றுதான் சொல்வார்கள். ஜெர்மன் காதுக்கு அது கேட்டுப் பழகிய திசை. என் பதிலுக்கு ஆதாரம் இது.

இதற்கு எதிராகவும் ஒரு பட்டியல் உண்டு, அதைத்தான் சக ஆசிரியை எடுத்து வைத்தார். 'கதவு' டீ°ர், 'விலங்கு' டீர். 'வாய் கொப்பளிப்பது' ஷ்பீ°லன், 'விளையாடுவது' ஷ்பீலன். 'மகன்கள்' ஸே°ன, 'தசைநாண்' ஸேன. இவற்றில் இ-யும் எ-யும்தான் குழப்பும். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்றேன். வாய் கழுவும் கிண்ணத்தை நீட்டியபடி விளையாடச் சொன்னதாக யாரும் நினைக்க மாட்டார்கள். "எலும்பு வார்டில் தசைநாண் பேச்சு வரும்போது?" என்று கேட்டார். அங்கே மகன்களைப் பற்றிய பேச்சு வராது என்றேன். வரும், பார்வையாளர் நேரத்தில் வரும் என்றார். நியாயம்தான்.

அவர் சொல்லாத ஒரு சிக்கல் எனக்குப் பின்னால்தான் உறைத்தது. இ-யிலிருந்தே வட்டத்தை உருவாக்கப் பழகியவர்கள், ஒலி கைவந்த புதிதில், வட்டம் இல்லாத இ-யையும் குவித்துவிடுகிறார்கள். 'தலையணை' கிஸ்ஸன், 'முத்தமிடுவது' கி°ஸ்ஸன். "தலையணை வேண்டுமா?" என்று முதியவரிடம் கேட்கப்போய் என்ன ஆகும் என்பதை வகுப்பில் விளக்கவே வேண்டியதில்லை, சிரிப்பு தானாக வரும். வார்டில் வராது. உ-விலிருந்து தொடங்கியவர்களிடம் இந்தப் பிழையைக் காண்பது அரிது. அப்படியானால் என் வழிக்கும் ஒரு விலை இருக்கிறது.

இருந்தும் இ-யின் பக்கமே சாய்வதற்கு இன்னொரு காரணம், கூட வரும் மெய்யெழுத்து. ஜெர்மனில் ஹ போன்ற உரசொலி இரண்டு உண்டு. அ, ஒ, உ-வுக்குப் பின் தொண்டைப் பக்கம் உரசும்; 'பகல்' என்பதில் நாம் சொல்லும் க-வைக் குரலில்லாமல் அழுத்திச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். இ, எ-க்கும் வட்டம் போட்டவற்றுக்கும் பின் அண்ணத்தின் முன்பக்கம் உரசும். இது தமிழில் இல்லை. 'ஈ'-யைப் பிடித்துக் குரலை மட்டும் நிறுத்தி, நாக்கை விடாமல் மூச்சைத் தள்ளினால் வரும். நம்மவர்கள் இதற்கு ஷ் போடுகிறார்கள். 'தேவாலயம்' என்னும் கிர்ஹ, 'செர்ரிப் பழம்' என்னும் கிர்ஷ ஆகிவிடுகிறது.

'துணி' டூஹ், 'துணிகள்' டீ°ஹர். முன்னதில் பின் உரசல், பின்னதில் முன் உரசல். பன்மையில் உ-வைப் போடுகிறவரின் நாக்கு பின்னால் இருப்பதால், உரசலும் பின்னாலேயே விழுந்துவிடும். ஒரு தவறு இரண்டாகிறது. உதட்டை மட்டும் மறந்து 'டீஹர்' என்றால், நாக்கு ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கிறது, மெய்யெழுத்து தப்பிவிடும். திருத்துவதற்கு உதடு ஒன்றுதான் பாக்கி. உதட்டையாவது கண்ணாடியில் பார்த்துத் திருத்தலாம்.

சக ஆசிரியை இதைக் கேட்டுவிட்டு, "சரி, பாக்கி இருக்கிறதை யார் வசூலிப்பா? தேர்வு முடிஞ்சதும் விமானம் ஏறிடறாங்களே" என்றார். இப்போது அவர் வகுப்பில் மாற்று ஒலி எதுவும் கிடையாது, வரும்வரை நிறுத்துவதில்லை. என் வகுப்பில் இ-யும் வட்டமும்.